தகரக் கூரையில் மாரி மழைச் சத்தம்: சில்வர் போயில் ஏன் போதாது

"அண்ணை, எங்கட வீடு கிளிநொச்சிப் பக்கம். கூரை கலர் தகரம், கீழ சீலிங் இல்லை. பின்னேரத்தில ஹோலில பிள்ளையளுக்கு ரியூசன் சொல்லிக் குடுக்கிறன். மழை இறுகினால் நான் கத்தினாலும் முன்வாங்குக்கே கேக்காது. சில்வர் போயில் விரிச்சால் சத்தம் நிண்டிடும் எண்டு ஹாட்வெயாரில சொல்லுகினம். உண்மையோ? தகரத்தைக் கழட்ட வேண்டி வருமோ? ஹோல் 20 அடிக்கு 12 அடி, தகரம் அறைஞ்ச சிலாகை எல்லாம் மரம்."

தங்கச்சி, போயிலை வாங்காதேங்கோ. வெக்கைக்கு அது நல்ல சாமான்தான். சித்திரை வெயிலில் வித்தியாசம் தெரியும். மழைச் சத்தத்துக்கு அது ஏறக்குறைய ஒன்றும் செய்யாது. தகரம் ஒழுகாமல் நல்லபடி இருந்தால் கழட்டவும் தேவையில்லை. கீழே நின்றே செய்யக்கூடிய வழி இருக்கிறது. கொஞ்சம் கடிக்கிற வேலை, அவ்வளவுதான்.

ஏன் போயில் சரிவராது என்பதை முதலில் பார்ப்போம். அது விளங்கினால் கடைக்காரர் என்ன சாமானைக் காட்டினாலும் நீங்களே முடிவெடுக்கலாம்.

கனமழையில் பெரிய துளி ஒன்று ஏறக்குறைய 5 மில்லிமீற்றர் பருமன் இருக்கும். அது செக்கனுக்கு 9 மீற்றர் வேகத்தில் வந்து அடிக்கிறது. கூரைத் தகரமோ அரை மில்லிமீற்றர் தடிப்புக்கூட இல்லை, ஒரு சதுர மீற்றர் நாலு கிலோவும் வராது. அடி விழுந்ததும் தகரம் வளைந்து நிமிர்ந்து நடுங்குகிறது. உங்களுக்குக் கேட்பது அந்த நடுக்கம்தான். குசினியில் ஒரு எவர்சில்வர் தட்டை விளிம்பில் தூக்கிப் பிடித்துக் கரண்டியால் தட்டிப் பாருங்கோ. பிறகு அதன் பின்பக்கத்தில் மடித்த துணி ஒன்றை அழுத்தி வைத்துக்கொண்டு தட்டுங்கோ. அடி அதே அடிதான், ஆனால் ஒலி செத்துவிடும். துணியைத் தட்டிலிருந்து ஒரு அங்குலம் தள்ளிப் பிடித்தால் தட்டு பழையபடி கணீரென்று ஒலிக்கும்.

நீங்கள் செய்ய வேண்டியதில் முதற்பாதி இதுதான்: தகரத்தின் அடிப்பக்கத்தில் மெத்தென்ற ஒன்று அழுத்தமாகத் தொட்டுக்கொண்டு இருக்க வேண்டும். போயிலும், குமிழ் வைத்த போயிலும் சிலாகைக்குச் சிலாகை தொய்ந்து தொங்கும். தகரத்தைத் தொடுகிற இடம் கொஞ்சம், தொட்டாலும் அதில் பாரம் இல்லை. ரெஜிபோம் பலகையும் இதே கதைதான். பாரமும் இல்லை, மெத்தெனவும் இல்லை. அதோடு தீப்பிடித்தால் உருகிச் சொட்டும். கடையில் ஒரு சின்னச் சோதனை செய்யலாம். துண்டொன்றை வாய்க்கு முன்னால், வாயில் படாமல் பிடித்து ஊதிப் பாருங்கோ. கஷ்டப்பட்டுக் காற்றுப் போனால் அது சத்தத்தைக் குடிக்கிற சாமான். போகவே போகாவிட்டால் அது வெக்கைக்கான சாமான். கண்ணாடி நார்ப் பஞ்சான கிளாஸ்வுல், கல் நார்ப் பஞ்சான ரொக்வுல் இரண்டிலும் காற்றுப் போகும். போயிலிலும் ரெஜிபோமிலும் போகாது.

இரண்டாம் பாதி சீலிங். தகரத்தின் நடுக்கத்தை எவ்வளவு அடக்கினாலும் மிச்சச் சத்தம் கீழே வரும். அதை மறிக்க, பாரமான, நீக்கல் இல்லாத ஒரு தட்டு வேண்டும். இரண்டு பாதியையும் ஒரே வருடத்தில் செய்ய வேண்டும் என்றில்லை. கையில் காசு குறைவென்றால் முதற்பாதியைச் செய்து ஒரு மாரியைக் கழித்துப் பாருங்கோ.

இனி உங்கள் ஹோலுக்கு வருவோம். இரண்டு பக்கச் சரிவு, முகடு 20 அடிப் பக்கமாக ஓடுகிறது என்று எடுக்கிறேன். சுவரில் இருந்து முகட்டுக்குக் கிடையாக 6 அடி, சரிவில் அளந்தால் ஆறரை அடிக்குக் கொஞ்சம் குறையும். ஒரு பக்கம் 130 சதுர அடி வைத்தால் இரண்டு பக்கமும் 260. வெட்டுக்கழிவோடு 285 சதுர அடிக்குக் கிளாஸ்வுல் எடுங்கோ. ஒரு முகத்தில் போயில் ஒட்டிய, 75 மில்லிமீற்றர் தடிப்புள்ள ரோல் வேண்டும். 50 இருக்கே, மலிவே என்பார்கள். உங்கள் சிலாகை 2 அங்குல உயரமாக இருந்தால் 50 மில்லிமீற்றர் பஞ்சு அந்த இடைவெளிக்குச் சரியாக இருக்கும். ஆனால் அழுத்தாது. ஒரு வருடத்தில் தொய்ந்து தகரத்தை விட்டு விலகிவிடும். 75ஐ 50க்குள் நெருக்கினால்தான் அது எப்போதும் மேல்நோக்கி உந்திக்கொண்டு நிற்கும்.

பஞ்சை வாங்க முன்னம் ஒழுக்குப் பார்க்க வேண்டும். இது சோம்பல் படக்கூடாத இடம். பகலில் ஹோலை இருட்டாக்கி, கதவு யன்னலைச் சாத்திவிட்டு மேலே பாருங்கோ. ஊசிக் கண்ணளவு வெளிச்சம் தெரிந்தாலும் அங்கே தண்ணீர் வரும். பெரும்பாலும் ஸ்குறூவின் றப்பர் வாசர் வெடித்திருக்கும். ஸ்குறூவை மாற்றுங்கோ. சிலிக்கன் பூசுவதென்றால் வினாகிரி மணம் வருகிற வகையை வாங்காதேங்கோ. அந்த அமிலம் தகரத்தின் சிங் பூச்சைத் தின்னும். மணமில்லாத நியூட்ரல் வகை என்று கேட்டு வாங்குங்கோ. பஞ்சு நனைந்தால் பாரமாகிச் சப்பளிந்து போகும், காய்ந்தாலும் பழைய உப்பல் வராது. ஒழுக்கை மறைத்தும் வைத்திருக்கும். ஓரிடத்தில் ஒழுகுகிற தண்ணீர் நாலடி தள்ளி ஈரமாய்த் தெரியும், தேடிப் பிடிக்க ஏலாது.

இனி வேலை. சிலாகைக்கும் சிலாகைக்கும் நடுவில் உள்ள இடைவெளியை அளந்து, அதைவிட ஒரு அங்குலம் கூடுதலாகப் பஞ்சை நீளவாக்கில் கீறுங்கோ. 3 அடிக்கு ஒரு சிலாகை போட்டிருந்தால் உள் இடைவெளி 34 அங்குலம் வரும், 35க்குக் கீறினால் சரி. ஒரு அங்குலம் கூட இருந்தால்தான் தள்ளினதும் பிடித்துக்கொண்டு நிற்கும். 4 அடி ரோலில் மிஞ்சுகிற துண்டுகளை எறியாதேங்கோ. சுவர் முடிகிற இடத்துக்கும் முகட்டு மூலைக்கும் அது அத்தனையும் தேவை.

போயில் முகம் கீழே உங்களைப் பார்க்க வேண்டும், பஞ்சு முகம் தகரத்தில் முட்ட வேண்டும். மாறிப் போட்டால் இரண்டு கெடுதல். ஒன்று, தகரத்தைத் தொடுவது போயில் ஆகிவிடும். மற்றது, தை மாசி விடியற்காலையில் வெறுந்தகரத்தின் அடியில் பனித்து உள்ளே சொட்டுமே, அந்த ஈரம் முழுக்கப் பஞ்சுக்குள் இறங்கும். அது வீட்டுக்குள் இருக்கிற ஈரக் காற்று மேலே போய்க் குளிர்ந்த தகரத்தில் பட்டு வருகிற தண்ணீர். போயில் கீழே இருந்தால் அந்தக் காற்றை மறித்துவிடும். அதற்காகத்தான் சிலாகைக்குக் கீழால் துண்டுக்குத் துண்டு போயில் டேப் ஒட்டச் சொல்கிறேன். ஒட்ட முன் மரத்தில் தூசியைத் துடையுங்கோ. தூசியில் ஒட்டின டேப் ஆவணி வெக்கையில் கழன்று தொங்கும்.

பஞ்சைத் தாங்குவதற்குக் கோழிக்கூட்டு வலை போதும். சிலாகையின் அடிப்பக்கத்தில் வலையை விறைப்பாக இழுத்து, அரை அடிக்கு ஒரு கொழுவி ஆணி அடியுங்கோ. சிலாகைகள் கைமரத்துக்கு மேலே கிடப்பதால் வலையை ஒரே விரிப்பாக ஓடவிட முடியாது. இரண்டு கைமரத்துக்கு நடுவில் ஒவ்வொரு கட்டமாக வெட்டி அடிக்க வேண்டும். பஞ்சை மட்டும் வெட்டாமல் கைமரத்துக்கு மேலால் நுழைத்துத் தொடர்ச்சியாக இழுங்கோ. ஒவ்வொரு கைமரத்திலும் பஞ்சை அறுத்து விடுகிறவர்கள் இருக்கிறார்கள். வேலை சுகம், ஆனால் அறுத்த ஒவ்வொரு கோட்டிலும் தகரம் வெறுமையாய் நிற்கும்.

முழுக்கை உடுப்பு, முகமூடி, கண்ணாடி மூன்றும் கட்டாயம். அண்ணாந்து பார்த்துச் செய்கிற வேலை என்பதால் தூள் நேரே கண்ணில்தான் விழும். அன்றைக்குப் பிள்ளைகளை வீட்டுக்கு எடுக்க வேண்டாம். முடிந்ததும் கூட்டாமல் ஈரத்துணியால் துடையுங்கோ.

சரி, பிழையில்லாமல் முடிந்ததா என்று மழை வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. வேலை தொடங்க முன் ஏணியில் ஏறி, கூரைக்கு மேலே ஆறடி உயரத்தில் இருந்து ஒரு பிடி பயறைத் தகரத்தில் விழ விடுங்கோ, கீழே ஒருவர் நின்று கேட்கட்டும். முடிந்த பிறகு அதே இடத்தில், அதே உயரத்தில் திரும்பச் செய்யுங்கோ. சலசலவென்ற கூர்மை போய், தட்தட் என்று மொட்டையாகக் கேட்க வேண்டும். பிறகு கூரை முழுவதும் விரல் மொழியால் தட்டிக்கொண்டு போனால், பஞ்சு தொடாத இடம் 'டங்' என்று தன்னைத் தானே காட்டிக்கொடுக்கும். அந்த இடத்தில் வலையை அவிழ்த்து ஒரு துண்டு மேலதிகமாகச் செருகுங்கோ.

இவ்வளவும் செய்தால், சாதாரண மழைக்கு வகுப்பு நடத்தலாம். இறுக்கி அடிக்கிற மழைக்கு இது தனியாகக் காணாது. அப்புறம்தான் சீலிங்.

சீலிங்கில் எங்கள் பக்கம் இரண்டு பிழை வழமையாக நடக்கிறது. முதலாவது, பிவிசி சீலிங். வடிவாக இருக்கும், கழுவலாம், ஆனால் உள்ளே பொள்ளல். சத்தத்தை மறிக்கிற பாரம் அதில் இல்லை. இரண்டடிக் கட்டங்களாக அலுமினியச் சட்டத்தில் தூக்கி வைக்கிற சீலிங்கும் அப்படித்தான், ஒவ்வொரு தட்டின் ஓரத்திலும் நீக்கல். உங்களுக்கு வேண்டியது 6 மில்லிமீற்றர் சீமெந்து நார்ப் பலகை, அல்லது 12 மில்லிமீற்றர் ஜிப்சம் போட். இரண்டும் சதுர மீற்றருக்கு எட்டு ஒன்பது கிலோ வரும், அதாவது உங்கள் தகரத்தைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் பாரம். மாரி ஈரத்துக்கு நான் சீமெந்துப் பலகை பக்கம்தான். வாங்கும்போது அஸ்பெஸ்டஸ் கலக்காதது என்று கேட்டு வாங்குங்கோ. 4க்கு 8 அடிப் பலகையில் உங்கள் ஹோலுக்கு 8 பலகை போகும்.

இரண்டாவது பிழை கொஞ்சம் நுட்பமானது. சீலிங் சட்டத்தை நேரே கைமரத்திலோ சிலாகையிலோ அறைந்துவிடுவார்கள். தகரத்தின் நடுக்கம் மரத்தால் இறங்கிப் பலகைக்கு வரும், பலகை இரண்டாவது தகரமாகிவிடும். உங்கள் ஹோல் அகலம் 12 அடிதான் என்பதால் இதற்கு நல்ல வழி இருக்கிறது. 4க்கு 2 மரத்தை நிமிர்த்தி, சுவரில் இருந்து எதிர்ச் சுவருக்கு, 2 அடிக்கு ஒன்று போடுங்கோ. கூரை மரத்தோடு ஒரு ஆணியும் வேண்டாம். பலகை எல்லாமாகச் சேர்ந்து 200 கிலோ அளவில்தான் வரும், அந்த மரம் அதைத் தாங்கும். தகரத்துக்கும் பலகைக்கும் நடுவில் மிகக் குறைந்த இடத்திலும் அரை அடியாவது இடைவெளி இருக்கட்டும். கூடினால் நல்லது. காசு இருந்தால் பலகைக்கு மேலேயும் 50 மில்லிமீற்றர் பஞ்சை விரிக்கலாம். இங்கே நெருக்கத் தேவையில்லை, சும்மா கிடந்தால் போதும்.

பலகை அடித்து முடிந்ததும் சுவரோரம் முழுக்க அடைக்க வேண்டும். முழங்காவில் பக்கம் ஒரு வீட்டில் நல்ல ஜிப்சம் சீலிங் போட்டு, சத்தம் குறையவில்லை என்று கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தால், காற்றோட்டத்துக்கென்று சுற்றிவர ஒரு அங்குலம் விட்டிருக்கிறார்கள், நடுவில் எட்டு லைற் துவாரம் வேறு. உங்கள் ஹோலைப்போல் 64 அடி சுற்றளவுக்கு ஒரு அங்குலம் என்றால் ஐந்து சதுர அடிக்கு மேல் திறந்த ஓட்டை. அவ்வளவு பெரிய யன்னலைக் கூரைக்குத் திறந்து வைத்திருப்பதும் இதுவும் ஒன்றுதான். ஓரத்தை அடைத்து, லைற்றைச் சுவருக்கு மாற்றினதும் அதே சீலிங் வேலை செய்யத் தொடங்கியது. காற்றோட்டம் வேண்டியது சீலிங்குக்கு மேலே உள்ள இடத்துக்கு. கூரைக்கும் சுவருக்கும் நடுவில் வழமையாக விடுகிற நீக்கலை அப்படியே விட்டு, கால் அங்குலக் கண் வலை அடித்துவிடுங்கோ. அணிலும் எலியும் பஞ்சைக் கண்டால் விடாது, அதுவும் அறுவடை முடிந்த கையோடு வயல் எலி வீட்டுக்கு வருகிற நேரத்தில்.

காற்றாடிக் கொழுக்கியைப் பலகையில் போட வேண்டாம். 4க்கு 2 மரத்தில் போட்டு, கம்பி வருகிற துவாரத்தைச் சுற்றி அடையுங்கோ.

தகரத்தை எப்படியும் மாற்றப் போகிறவர்கள் இதை வாசித்தால் அவர்களுக்கும் ஒரு சொல். வலையைச் சிலாகைக்கு மேலே விரித்து, அதன் மேல் 50 மில்லிமீற்றர் பஞ்சைத் தாவாரத்தில் இருந்து முகட்டுக்கு மேலால் மற்றத் தாவாரத்துக்கு ஓடவிட்டு, மேலே தகரத்தைப் போட்டு இறுக்கலாம். இதுதான் எல்லாவற்றிலும் திறமான முறை, சிலாகைக் கோட்டில்கூடத் தகரம் மரத்தைத் தொடாது. ஆனால் பஞ்சு நெருங்கினாலும் சில மில்லிமீற்றர் தடிப்பு மிஞ்சும் என்பதால் ஸ்குறூ அரை அங்குலம் நீளமாக வேண்டும். மரத்துக்குள் ஒரு அங்குலத்துக்குக் குறையாமல் இறங்கியிருக்க வேண்டும், இரும்புப் பொக்ஸ்பார் என்றால் மூன்று புரியாவது உள்ளே தாண்டியிருக்க வேண்டும். பஞ்சு அமுங்க அமுங்க ஸ்குறூ தளரும். அதனால் முதல் மாரிக்கு முன்னம் ஒருக்கால் எல்லாவற்றையும் முறுக்கிப் பாருங்கோ. றப்பர் வாசர் பிதுங்குகிற அளவுக்கு இறுக்கவும் கூடாது, அதில் பள்ளம் விழுந்து தண்ணீர் நிற்கும். தாவாரக் கரையிலும் முகட்டிலும் புயற்காற்று முதலில் கிளப்புவதால் அங்கே ஒவ்வொரு மேட்டிலும் ஸ்குறூ போடுங்கோ. தகரம் கழற்றுகிற வேலையைச் சோளகம் எழும்பின பிறகு தொடங்காதேங்கோ. மாசிக் கடைசி, பங்குனி நல்ல காலம். சோளகத்தில் தூக்கிப் பிடித்த 12 அடித் தகரம் ஆளையும் சேர்த்துக் கொண்டு போகும்.

கிடுகு பற்றியும் சொல்ல வேண்டும், யாராவது உங்களுக்குச் சொல்லத்தான் போகிறார்கள். தகரத்துக்கு மேலே கிடுகு போட்டுக் கயிற்றால் கட்டுவது சத்தத்துக்கு உண்மையிலேயே நல்லது. துளி தகரத்தில் அடிக்க முன்னமே உடைந்துவிடுகிறது. இந்த மாரிக்குள் வேறு ஒன்றும் செய்ய வசதிப்படாது என்றால் ஹோலுக்கு மேலே மட்டும் போடலாம். மழை விட்ட பிறகு எடுத்துவிட வேண்டும். ஈர ஓலை கிடந்த இடமெல்லாம் தகரத்தின் பூச்சு போய்த் துரு பிடிக்கும், தேளும் குடியேறும். வெயில் காலத்தில் அது காய்ந்த விறகு.

எவ்வளவு குறையும் என்று கேட்பீர்கள். சத்தத்தை அளக்கிற டெசிபலில் 10 குறைந்தால்தான் காதுக்குப் பாதியாகத் தெரியும். 3 குறைந்தால் பெரிதாகத் தெரியாது. ஆகவே கடையில் 'மூன்று டெசிபல் குறைக்கும்' என்று சொன்னால் காசைப் பொக்கற்றில் வையுங்கோ. ஆய்வுகூடச் சோதனையில் கனமழை என்று எடுப்பது மணிக்கு 40 மில்லிமீற்றர் மழையை. 2018 மார்கழியில் இரணைமடுக் குளத்து வான்கதவு திறக்க வைத்த மாதிரி மழை வந்தால், எந்தக் கூரையின் கீழும் சத்தம் கேட்கத்தான் செய்யும். அப்படியான நேரத்தில் பஞ்சும் சீலிங்கும் சேர்ந்திருந்தால், பக்கத்தில் இருக்கிற பிள்ளையோடு சாதாரணக் குரலில் பேசலாம். பின்வாங்குக்குக் கேட்கக் கொஞ்சம் குரல் உயர்த்த வேண்டி வரும்.

விறாந்தைத் தகரத்தை மறந்துவிடாதேங்கோ. ஹோல் அமைதியான பிறகுதான் விறாந்தைச் சத்தம் கதவாலும் யன்னலாலும் உள்ளே வருவது தெரியும், வேலை பிழைத்துவிட்டது என்று நினைப்பீர்கள். விறாந்தைக்குச் சீலிங் வேண்டாம். அலுமினியத் தாள் ஒட்டிய பியூற்றைல் டேப்பை, நாலு அங்குல அகலத்தில், ஒவ்வொரு தகரப் பள்ளத்தின் அடிப்பக்கத்திலும் நடுவால் நீளமாக ஒட்டி அழுத்துங்கோ. தார் வகை மலிவு, ஆனால் பங்குனி வெயிலில் இளகிக் கழன்று விழும். ஒட்ட முன் தகரத்தைச் சவர்க்காரத் தண்ணீரால் கழுவி நன்றாகக் காயவிடுங்கோ. முதலில் யன்னலுக்கு நேரே உள்ள இரண்டு தகரத்துக்கு மட்டும் ஒட்டி, பயறு போட்டுக் கேட்டுவிட்டு மிச்சத்துக்கு வாங்கலாம்.